நடுக்கம் ஒருத்திக்கு, வியர்வை ஒருத்திக்கு

பெண்கள் காய்ச்சல் வார்டில் அவளுக்குக் குளிர் சிஸ்டர் என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர். முதலில் வைத்தது யார் என்று அவள் விசாரித்துப் பார்த்தாள். விசாரணை சுற்றிச் சுற்றி, தரை துடைக்கும் அக்காவிடம் வந்து நின்றது.

"நான் வைக்கலை சிஸ்டர். பரப்பினேன், அவ்வளவுதான்" என்றாள் அந்த அக்கா, மாப்பைப் பிழிந்துகொண்டே.

பெயரில் அநியாயம் இருந்தது, ஆனால் பொய் இல்லை. அவள் கட்டிலருகே வந்தால் நோயாளிக்குக் குளிர் எடுக்கும், பல் கிட்டும், கால் உதறும். வார்டில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் அவள் காலை ஷிப்டை வாங்கிக்கொண்டிருந்தாள். பகல் இரண்டு மணிக்கு வேலை முடித்து வீட்டுக்குப் போனால் சமையல், மகள்களின் பாடம், துணி துவைப்பு எல்லாவற்றையும் இருட்டுவதற்குள் பார்த்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் காலை ஷிப்டு என்பது புறநோயாளிப் பிரிவிலிருந்து ஆட்கள் நடுங்கிக்கொண்டே வந்து சேரும் நேரம். நரம்பில் ஊசி ஏற்றுவது, ரத்தம் எடுப்பது, கசப்பு மருந்து கொடுப்பது, மூன்று போர்வை கேட்பவளிடமிருந்து இரண்டைப் பிடுங்குவது எல்லாம் அப்போதுதான். அவள் கொடுத்த மருந்து வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, வேலையைக் காட்ட ஆரம்பிக்கும்போது மணி இரண்டாகியிருக்கும். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருப்பாள்.

அந்த இரண்டு மணிக்கு உள்ளே வருகிறவளுக்குத்தான் வார்டு வேறொரு பெயர் வைத்திருந்தது. கைராசி.

கைராசி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சின்ன உருவம், கன்னத்தில் குழி, நடந்தால் சத்தம் கேட்காத செருப்பு. உள்ளே வந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய் நெற்றியில் கை வைப்பாள். கை வைத்த கொஞ்ச நேரத்தில் அந்த நெற்றியில் முத்து முத்தாக வியர்வை அரும்பும். காய்ச்சல் இறங்கும். உடம்பு தெளிந்து, பசி வந்து, எழுந்து உட்கார்ந்து, "என்ன கைம்மா உன் கை!" என்பார்கள். வீட்டுக்குப் போகும்போது ஆரஞ்சு, பிஸ்கட் பாக்கெட், ஒருமுறை கைக்குட்டைகூடக் கொடுத்தார்கள். எல்லாம் நர்ஸ்கள் மேசையின் இடது பக்கம் குவியும். வலது பக்கம் குளிர் சிஸ்டருடையது. அங்கே தெர்மாமீட்டர் டப்பாவும் அவளுடைய மூக்குக் கண்ணாடியும் இருக்கும்.

"ஒரு ஆரஞ்சு எடுத்துக்கோங்க அக்கா" என்பாள் கைராசி.

"எனக்குப் புளிப்பு ஆகாது" என்பாள் இவள். வீட்டில் ஆரஞ்சு வாங்கினால் சுளையின் நார்கூட விடாமல் தின்பவள்தான்.

வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைவு. அந்தப் பெண்ணின் செருப்பைப் பார்த்தாலே எரிந்தது. அதேபோல் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுப் பார்த்தாள். இவள் நடைக்கு அதுவும் சத்தம் போட்டது.

இத்தனைக்கும் விஷயம் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூளையின் அடியில், பாதாம் பருப்பு அளவில் ஓர் இடம் இருக்கிறது. உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அது. கிருமி நுழைந்ததும் உடம்பின் காவலாட்கள் அங்கே சேதி அனுப்புவார்கள். அது தன் அளவை உயர்த்திவிடும். தொண்ணூற்றெட்டரை போதும் என்றிருந்தது இனி நூற்று மூன்று வேண்டும் என்று சொல்லும். அந்த நிமிடத்தில் உடம்பின் சூடு ஏறியிருக்காது, பழைய இடத்திலேயே இருக்கும். ஆனால் புதிய அளவோடு ஒப்பிட்டால் அது குளிர். அதனால்தான் நல்ல வெயிலிலும் ஆளுக்குக் குளிரெடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, கையும் காலும் சில்லிட்டு, மயிர்க்கால்கள் சிலிர்த்து, தசைகள் உதறி உதறிச் சூட்டை உண்டாக்கும். நூற்று மூன்றைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். அதற்குப் பிறகு உடம்பு அனலாகக் கொதிக்கும், ஆனால் குளிராது, வியர்க்காது. மருந்து போய் மூளையின் அளவைக் கீழே இறக்கியதும் அதே நூற்று மூன்று திடீரென்று அதிகமாகிவிடும். அப்போது எல்லாம் தலைகீழ். தோல் சிவந்து, குழாய்கள் விரிந்து, வியர்வை ஊற்றி, சேர்த்த சூட்டையெல்லாம் வெளியே தள்ளும்.

ஆகவே நடுங்க வைத்தது இவள் கையுமல்ல, வியர்க்க வைத்தது அவள் கையுமல்ல. தெரிந்து என்ன? ஆரஞ்சு இடது பக்கம்தான் போனது.

இந்த நிலையில்தான் அவளுடைய மாமியார் அதே வார்டில் வந்து படுத்தார்.

மாமியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. மாமனாரின் ரொட்டிக் கடையில் முப்பது வருடம் அடுப்படியில் நின்றவர். விடியுமுன் மாவு பிசைந்து, அடுப்பின் கதவைத் திறந்து முகத்தால் சூடு பார்த்து, ரொட்டி எப்போது வேகும் என்று சொல்வார். யாரையும் முகத்துக்கு நேரே பாராட்டிய வழக்கம் கிடையாது. மருமகள் வந்து இருபது வருடத்தில் ஒருமுறைதான் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். அதுவும் பக்கத்து வீட்டுக்காரியிடம், "பரவாயில்லை, திருடமாட்டா" என்று. மருமகள் அதை மறைவிலிருந்து கேட்டு, பல வருடம் பத்திரமாக வைத்திருந்தாள்.

சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. பழைய இதயக் கோளாறு வேறு. நாலைந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வந்து வந்து போகும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஜன்னலோரக் கட்டிலை மருமகள் தானே தேர்ந்தெடுத்து, விரிப்பை மடிப்பில்லாமல் இழுத்துப் போட்டாள். தன்னுடைய வார்டு, தன்னுடைய மாமியார். இப்போதாவது தன் வேலையைக் கண்ணால் பார்ப்பார் என்று ஓர் ஆசை.

முதல் நாள் நண்பகலில் நடுக்கம் ஆரம்பித்தது.

"போர்வை... இன்னொரு போர்வை குடுடி!"

"ஒண்ணு போதும் அத்தை. கால்ல சாக்ஸ் போட்டு விடறேன். ரொம்ப மூடினா அப்புறம் சூடு வெளியே போகாது."

"வெளியே போகாதா? உள்ளேயே இல்லையே! ஐஸ் பெட்டியில வெச்ச மாதிரி இருக்கு. உன்னைப் பெத்தவளா இருந்தா இப்படிப் போட்டிருப்பியா?"

அடுத்தடுத்த கட்டில்காரிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மருமகள் மாத்திரை கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், புரியும்படி சொல்லிப் பார்த்தாள்.

"உங்க அடுப்பு மாதிரிதான் அத்தை. சூட்டு முள்ளைத் திருகி இருநூறுல வெச்சா, அது இருநூறு வர்ற வரைக்கும் எரியும் இல்லையா? மூளையில அப்படி ஒரு முள்ளு இருக்கு. காய்ச்சல் அதை ஏத்தி வெச்சிடுச்சு. அந்த இடத்துக்குப் போற வரைக்கும் உடம்பு நடுங்கிச் சூடு பண்ணிக்கும்."

"நான் என்ன பன் ரொட்டியா?" என்றார் மாமியார், பல் அடித்துக்கொள்ள.

வார்டே சிரித்தது.

இரண்டு மணிக்கு மருமகள் வீட்டுக்குப் போய், மாமியாருக்கு மெத்தென்று ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு, பார்வையாளர் நேரத்துக்குக் கணவனோடு திரும்பி வந்தாள். கணவன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். மருத்துவமனைக்கு வரும்போதும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். மாமியார் தலையணையில் சாய்ந்து, தலை சீவி, முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தார்.

"டேய், இந்தப் பொண்ணைப் பாரேன்" என்று கைராசியைக் காட்டினார் மகனிடம். "வந்து நெத்தியில கை வெச்சா. அவ்வளவுதான், கொட்டு கொட்டுன்னு வேர்த்துச்சு. காய்ச்சல் போன இடம் தெரியலை. அப்புறம் வெதுவெதுன்னு ஈரத்துணியால உடம்பெல்லாம் துடைச்சா பாரு, சொர்க்கம்டா. உன் பொண்டாட்டி கை பட்டா நடுங்குது, இவ கை பட்டா நிக்குது."

"மாத்திரை நான் குடுத்துட்டுப் போனது" என்றாள் மருமகள்.

"குடுத்தே, குடுத்தே. யார் இல்லைன்னா?"

கணவன் பாவம், ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில், "அம்மா எப்பவும் அப்படித்தானே, விடு" என்றான்.

"அந்தப் பொண்ணு சிரிச்சா பார்த்தீங்களா?"

"அது எப்பவும் சிரிச்ச முகம் மாதிரிதான் தெரியுது."

"ஓ. அதையும் கவனிச்சாச்சா?"

அவன் நகக்கண்ணிலிருந்த கிரீஸைச் சுரண்ட ஆரம்பித்தான்.

இரண்டாம் நாளும் அதே கதை. நண்பகலில் இவள் கையில் நடுக்கம், வசவு. இரண்டு மணிக்கு மேல் அவள் கையில் வியர்வை, வாழ்த்து. அன்று மாமியார் ஒரு படி மேலே போனார். ஊசியை மாற்ற மருமகள் போனபோது கையை இழுத்துக்கொண்டு, "அந்தச் சின்னப் பொண்ணு வந்து போடட்டும்" என்றார். தரை துடைக்கும் அக்கா அதைக் கேட்டுவிட்டாள். அவள் கேட்டால் ஊரே கேட்ட மாதிரி.

மருமகள் நேராக மேட்ரன் அறைக்குப் போனாள். நாளை ஒருநாள் ஷிப்டை மாற்றிக்கொள்கிறேன், கைராசி காலையில் வரட்டும், நான் மதியம் வருகிறேன் என்றாள். மேட்ரன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இந்தப் பதினெட்டு வருடத்தில் அவள் கேட்டு மாற்றிய ஷிப்டு கிடையாது.

"வீட்டுல ஏதாவது விசேஷமா?"

"மாமியாரைச் சாயந்திரம் நானே பார்த்துக்கலாம்னுதான்."

"அடடா, நல்ல மருமக" என்று கையெழுத்துப் போட்டார்.

நல்ல மருமகளின் மனதில் இருந்தது இதுதான்: நாளைக்கு நடுக்கத்தை அவள் வாங்கட்டும். வசவையும் அவளே வாங்கட்டும். வியர்வை என் கையில் வரட்டும். அப்போது தெரியும், யார் கைராசி என்று.

மறுநாள் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மணிக்குப் போக வேண்டியவள் நண்பகலுக்கே சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கைராசி திட்டு வாங்குவதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை, தன் கண்ணால். அவ்வளவுதான் ஆசை.

வார்டுக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தாள். மாமியாருக்கு நடுக்கம் ஆரம்பித்திருந்தது. ஆனால் திட்டவில்லை. இரண்டு கைகளாலும் கைராசியின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு, உன் கையை எடுக்காதே. நேத்து மாதிரி அந்தத் துணி... அந்த ஈரத்துணியால துடைச்சு விடேன். போயிடும். உன் கைக்குப் போயிடும்."

கைராசியின் முகத்தில் கன்னக்குழி இல்லை. "அம்மா, இப்ப வேண்டாம்மா, குளிர் நிக்கட்டும்" என்றாள் சன்னமாக.

"நீயும் அவளை மாதிரியே சொல்றியே!"

அந்த ஒரு வார்த்தை வேலை செய்தது. கைராசி திரும்பி அக்கம்பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் அவள் கைமேல் இருந்தது. தயங்கி, கிண்ணத்தில் துணியை நனைத்து, பிழிந்து, மாமியாரின் நெற்றியில் போட்டாள். பிறகு கழுத்தில். பிறகு போர்வையை விலக்கி இரு கைகளிலும். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே நின்றவளுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். நேற்று மூன்று மணிக்குச் சொர்க்கமாக இருந்த அதே துணி, அதே கை, இப்போது எதிரி. நேற்று மூளை சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது; துணி அதற்கு உதவியது. இன்று மூளை சூட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தோலைக் குளிர வைத்தால் அது விட்டுக் கொடுக்காது. இன்னும் இறுக்கும், இன்னும் உதறும். கதவைத் தள்ளிக்கொண்டு போய், "துணியை எடு" என்று சொன்னால் முடிந்தது.

அவள் போகவில்லை. கை கதவுப் பிடியில் இருந்தது. படட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று உள்ளே ஒரு குரல் இனிப்பாகச் சொன்னது. அவள் அந்தக் குரலை முழுசாகக் கேட்டாள்.

நடுக்கம் உலுக்கலாக மாறியது. கட்டிலின் இரும்புச் சட்டம் கடகடவென்று அடித்தது. மாமியார் எதுவோ சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் தாடை ஆடியது. உதடு நீலம் பாரித்தது. அவருடைய கை நெஞ்சுக்குப் போனது.

அந்தக் கை நெஞ்சுக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் மருமகள் கதவைத் தள்ளினாள்.

"ஃபேனை நிறுத்து! துணியை எடு, கிண்ணத்தைத் தள்ளு. காய்ஞ்ச டவல் எங்கே?"

ஈரத்தைத் துடைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்து, பாதத்துக்குச் சாக்ஸ் மாட்டி, தலைமாட்டை உயர்த்தி, ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தாள். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கிளிப் எண்ணைக் காட்டாமல் அலைந்தது. விரல் அவ்வளவு சில்லிட்டிருந்தது. அதைக் காதுமடலில் மாட்டும் வேறொன்றாக மாற்றினாள். நாடி குதிரை மாதிரி ஓடியது. இத்தனை தசைகள் ஒன்றாக உதறினால் ஆக்சிஜன் எத்தனை மடங்கு தேவை, அதை இந்தப் பழைய இதயம் எங்கே போய்க் கொண்டுவரும் என்று மனதில் ஓடியது. கைராசி அதற்குள் டாக்டரைக் கூட்டி வந்திருந்தாள். அவர் இதயத் துடிப்பின் படம் எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுத்தார், மாத்திரை எழுதினார். படத்தைப் பார்த்துவிட்டு, "வேகம்தான், வேற ஒண்ணும் இல்லை. சூடா வையுங்க, பக்கத்துல இருங்க" என்று சொன்னபோதுதான் மருமகளுக்கு மூச்சு முழுதாக வந்தது.

உதறல் மெல்ல அடங்கியது. நூற்று மூன்று. கேட்டது கிடைத்துவிட்டதால் மூளை அமைதியானது. மாமியார் கண்ணை மூடி, சிவந்த முகத்தோடு கிடந்தார். மருமகள் போர்வையை விலக்கி மெல்லிய விரிப்பை மட்டும் விட்டாள்.

நடையில், மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், கைராசி நின்றிருந்தாள்.

"படிச்சவதானே நீ?" என்றாள் மருமகள். "குளிர் எடுக்கும்போது ஈரத்துணி போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும் அக்கா."

"அப்புறம்?"

"அவங்க கேட்டாங்க. எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. உன் கைக்குப் போயிடும்னு சொன்னா, என் கையில ஒண்ணும் இல்லைன்னு எப்படி அக்கா சொல்றது? இத்தனை மாசமா எல்லாரும் சொல்லிச் சொல்லி..." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துடுச்சு."

"கை வெச்சா காய்ச்சல் இறங்க நீ என்ன—"

"நீங்க கதவுக்கு வெளியே நின்னீங்க."

மருமகள் அலமாரியின் சாவியைப் பார்த்தாள்.

"கண்ணாடி வழியா உங்க தலை தெரிஞ்சுது. அக்கா வந்துட்டாங்க, தப்புன்னா உள்ளே வந்து சொல்வாங்கன்னுதான் நான் கழுத்துல போட்டேன். நீங்க வரலை. அப்ப சரிதான் போலன்னு கையிலயும் போட்டேன்."

மருமகள் வாயைத் திறந்தாள். வந்த பதில்கள் எல்லாம் பொய்யாக இருந்தன. மூடிக்கொண்டாள்.

"உனக்கு நல்லா ஆரஞ்சு குடுக்கறாங்க" என்றாள் கடைசியில். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. சொன்ன பிறகு முகம் சுண்டியது.

கைராசி அவளைப் பார்த்தாள். "எனக்கும் புளிப்பு ஆகாது அக்கா. எல்லாம் அந்த மாப் அக்காதான் கொண்டு போறாங்க."

மணி இரண்டானது. இனி வார்டு மருமகளுடையது. அவள் ஆசைப்பட்டது போலவே எல்லாம் அமைந்தது. மாமியாரின் கன்னம் சிவந்தது, கை கால் சூடேறியது, மேலுதட்டில் முதல் பொட்டு வியர்வை தெரிந்தது. மூளை தன் அளவை இறக்கிவிட்டது. அவள் காய்ந்த துண்டையும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியையும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கைக்குக் கீழேயே வியர்வை கொட்ட ஆரம்பித்தது.

மாமியாரின் முகம் தளர்ந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துட்டியா கண்ணு" என்றார். "நீ வந்தாத்தான் எனக்குப் போகுது. முன்னாடி அவ வந்து என்னை என்ன பாடு படுத்திட்டா தெரியுமா. கண்ணைத் திறந்தா அவ மூஞ்சி. உலுக்கி எடுத்துட்டா."

துண்டு கையிலேயே நின்றது. உலுக்கலின் உச்சியில் உள்ளே ஓடி வந்து குனிந்த முகம் இவளுடையது. அதைத்தான் கிழவி பிடித்து வைத்திருக்கிறார். நான் இல்லை அத்தை என்று சொல்லலாம். நண்பகலில் நடந்ததை நடந்தபடி சொல்லலாம். நடந்தபடி என்றால் கதவையும் சொல்ல வேண்டும். அவள் பேசாமல் கழுத்தைத் துடைத்தாள். ஆசைப்பட்ட வாழ்த்து வந்துவிட்டது. இவள் கைக்கு, அவள் பேரில்.

"அம்மா."

கட்டிலின் கால்மாட்டில் கைராசி நின்றிருந்தாள். வேலை நேரம் முடிந்து, கைப்பையும் தோளில் இருந்தது.

"மத்தியானம் உங்களுக்கு ஈரத்துணி போட்டது நான்தான் அம்மா. தப்பான நேரத்துல போட்டுட்டேன். அதான் அப்படி உலுக்கிடுச்சு. அக்கா வந்துதான் நிறுத்தினாங்க. இப்ப துடைக்கிறது உங்க மருமக."

கதவைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மருமகளுக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். பெருந்தன்மையிலும் இவள் முந்திக்கொண்டாளே! அதைக்கூட எனக்கு விட்டு வைக்கவில்லையே என்று. அந்த எரிச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று கூசிக் குறுகியது. அதை அவள் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியார் கண்ணைத் திறந்தார். முதலில் கால்மாட்டைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியிலிருந்த கையை, அதன் முழங்கைவரை பார்த்து, முகத்துக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். ரொட்டி வெந்ததா இல்லையா என்று அடுப்பின் கதவைத் திறந்து பார்ப்பது போல.

"அந்த முள்ளு" என்றார். "இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு அத்தை."

"அதான் வேர்க்குதா?"

"ஆமா. சூடு வேண்டாம்னு வெளியே தள்ளுது."

"ம்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப மத்தியானம் குளிர்ல, அடுப்பு ஏறிட்டு இருக்கும்போது தண்ணியை ஊத்தின மாதிரி ஆச்சு. நானே கேட்டு ஊத்திக்கிட்டேன்."

மாமியார் கால்மாட்டின் பக்கம் கையை ஆட்டினார்.

"நீ போம்மா. உன் டூட்டி முடிஞ்சுது இல்லை? வீட்டுல தேடுவாங்க."

கைராசி தலையசைத்துவிட்டுத் திரும்பினாள். மாமியார் ஒருக்களித்துப் படுத்து, நனைந்து ஒட்டியிருந்த ரவிக்கையின் முதுகைக் காட்டினார்.

"என்ன பார்த்துட்டு இருக்கே? முதுகைத் துடை. பாதியில நிறுத்தினா சளி பிடிக்கும்."

சளி அப்படியெல்லாம் பிடிக்காது என்று மருமகளுக்குத் தெரியும். சொல்லவில்லை. துடைத்தாள். தோள்பட்டையிலிருந்து கீழே, மெதுவாக, ஓர் இடம் விடாமல். விரிப்பை மாற்ற வேண்டும், உலர்ந்த ரவிக்கை வேண்டும், குடிக்கத் தண்ணீர் நிறைய வேண்டும் என்று மனதில் வரிசை போட்டுக்கொண்டே, நடையில் அந்தச் சத்தமில்லாத செருப்பு போய்விட்டதா என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.